ஆறாயிரம் பிக்சல் அகலம்

அந்த மின்னஞ்சலை நான் அழித்திருக்க வேண்டியவன். எங்கள் விருந்தினர் இல்லத்தின் முகவரிக்கு அப்படிப்பட்டவை வாரத்துக்கு நாலைந்து வரும். முன்பின் தெரியாத ஒருவர், உங்கள் தளத்தைத் தேடலில் முதலிடத்துக்குக் கொண்டுவருகிறேன் என்று ஆங்கிலத்தில் எழுதியிருப்பார். எங்கள் இல்லத்தின் பெயரைக்கூடச் சரியாக எழுதியிருக்கமாட்டார். காலையில் தேநீரோடு உட்கார்ந்து, அறை கேட்டு வந்தவற்றை ஒரு பக்கமும் இப்படி வந்தவற்றை மறுபக்கமும் ஒதுக்கி, இரண்டாவதை அழித்துவிடுவது என் வழக்கம்.

இது தமிழில் இருந்தது. எழுதியவர் குருக்கள்மடத்திலிருந்து இணையதளங்கள் செய்து கொடுப்பவர். எந்த நிறுவனத்திலும் இல்லை, தனியாக வேலை செய்கிறேன் என்று முதல் வரியிலேயே சொல்லியிருந்தார். ஆரையம்பதியில் பேருந்துக்குக் காத்திருந்தபோது கைபேசியில் எங்கள் தளத்தைத் திறந்து பார்த்தாராம். முதற்படம் முழுதாகத் தெரிய அரை நிமிடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. வீட்டுக்குப் போய் மீண்டும் இரண்டு தடவை அளந்து பார்த்திருக்கிறார். முதற்பக்கத்தில் ஒன்றன்பின் ஒன்றாக மாறிவரும் ஒன்பது படங்கள்தான் காரணம், அறை தேடுகிற ஒருவர் அவ்வளவு நேரம் பொறுத்திருக்கமாட்டார், வேறு இடத்துக்குப் போய்விடுவார் என்று எழுதியிருந்தார். முதற்பக்கத்தை மட்டும் முதலில் சரிசெய்து காட்டுகிறேன், பிடித்தால் மிச்சத்தைப் பேசலாம் என்றும் சொல்லியிருந்தார். கீழே பெயரும் தொலைபேசி இலக்கமும் இருந்தன.

எழுதியவிதம் எனக்குப் பிடித்தது. எதை எங்கே எப்படி அளந்தேன் என்று சொல்லி எழுதுகிறவர்கள் குறைவு.

ஆனால் அந்தத் தளம் என்னுடையதல்ல. நாவற்குடாவில் வாவிக் கரையில் இருக்கும் இந்த வீடு என் மனைவியின் சீதன வீடு. மூன்று அறைகளை ஒதுக்கி விருந்தினருக்குக் கொடுக்கலாம் என்று நினைத்தவள் அவள். தளத்தைச் செய்து கொடுத்தது சுவிஸில் இருக்கும் அவளுடைய தம்பி. அங்கே ஒரு பண்டகசாலையில் முறை வேலை. வேலை இல்லாத நாட்களில் தானாகவே படித்து, அக்காவுக்கு என்று அதைச் செய்தான். கடவுச்சொல் அவனிடம், ஆண்டுக் கட்டணம் அவனுடைய அட்டையில். அதில் ஒரு எழுத்தை மாற்றுவதென்றாலும் அவனிடம் சொல்லித்தான் மாற்றுவோம். மனைவி தவறிய பிறகும் அந்த ஒழுங்கை நான் மாற்றவில்லை. ஆகவே அந்த மின்னஞ்சலை அப்படியே படம் பிடித்து அவனுக்கு அனுப்பி, "இது உண்மையா தம்பி, ஒருக்காப் பார்" என்று ஒரு வரி எழுதினேன். பிறகு தண்ணீர்த் தொட்டி கழுவ ஆள் வந்ததால் அதை மறந்துவிட்டேன்.

மாலையில் நாட்குறிப்பு எழுத உட்கார்ந்தேன். அன்றன்று வந்த கடிதங்களின் சாரத்தை இரண்டொரு வரியில் குறித்துவைப்பேன். அதற்காக அந்த மின்னஞ்சலை மறுபடி வாசித்தபோதுதான் நடுவில் இருந்த ஒரு வாக்கியம் கண்ணில் பட்டது. காலையிலும் வாசித்ததுதான். பொருள் ஏறவில்லை.

"உங்கள் படங்கள் எவையும் சிறிதாக்கப்படவில்லை; கமெராவில் எடுத்த அதே அளவில், ஆறாயிரம் பிக்சல் அகலத்தில், அப்படியே தளத்தில் கிடக்கின்றன."

அவர் அதைக் குறையாக எழுதியிருந்தார்.

அந்த வாக்கியம் எனக்கு என்னவாக இருந்தது என்பதைச் சொல்ல, மனைவியின் படங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். கமெரா அவளுடையது. வாவியை, தோணிகளை, நண்டு வலை இழுப்பவர்களை, விருந்தினரின் காலைச் சாப்பாட்டை எல்லாம் அவள்தான் எடுப்பாள். எடுத்ததை லப்டொப்பில் போட்டதும் கமெராவின் அட்டையில் உள்ளதை அழித்துவிடுவாள். அதில் என்னைவிட ஒழுங்கானவள். போன மாரி மழைக்கு, வெள்ளம் கடலுக்கு வடிய முகத்துவாரத்தை வெட்டிவிட முன்னர், வாவி ஏறி வீட்டுக்குள் முழங்கால் வரை வந்தது. அவள் அப்போது மகரகமவில் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் இருந்தாள், நான் அவளோடு நின்றேன். திரும்பி வந்தபோது லப்டொப் மேசையின் கீழ்த்தட்டில் சேற்றோடு இருந்தது. கொழும்பில் இரண்டு இடத்தில் கொடுத்துப் பார்த்தோம். ஒன்றும் எடுக்க முடியவில்லை.

படம் எடுக்கிறவள் படத்தில் இருப்பதில்லை. கலியாண அல்பம் இருக்கிறது, அதில் எல்லாப் படத்திலும் தலைகுனிந்து நிற்கிறாள். அடையாள அட்டைப் படம் இருக்கிறது. நோய் வந்து முடி கொட்டத் தொடங்கியபின் கமெராவைத் தன் பக்கம் திருப்ப விடமாட்டாள். முப்பத்தோராம் நாளுக்கு அச்சடித்த நினைவு மலரில் அடையாள அட்டைப் படத்தைத்தான் போட்டோம். அதில் யாரோ அதட்டியதுபோலப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

தளத்தின் ஒன்பது படங்களில் ஆறாவதில் மட்டும் அவள் இருக்கிறாள். அவளுடைய கமெராவை வாங்கி அதை எடுத்தது ஒரு விருந்தினர் பெண். காலை வெளிச்சத்தில் வாவியும் தோணிகளும் நன்றாக விழுந்திருந்ததால் அந்தப் பெண்ணிடம் கேட்டு, தம்பி சொல்லிக்கொடுத்தபடி லப்டொப்பிலிருந்தே நேராக முதற்பக்கத்தில் போட்டாள் என் மனைவி. வலது ஓரத்தில், இறங்குதுறைக் கல்லில் குந்தியிருந்து மீன் அலசிக்கொண்டிருப்பவள் அவள்தான். நான் ஏதோ சொல்ல, திரும்பிச் சிரிக்கிறாள். நான் சொன்னது என்ன என்பது நினைவில் இல்லை. நாட்குறிப்பிலும் இல்லை. உன்னையும் சேர்த்தா போடுகிறாய் என்று நான் கேட்டதற்கு அவள் சொன்னது மட்டும் நினைவிருக்கிறது.

"நான் நிக்கிறது ஒருத்தருக்கும் தெரியா. அவ்வளவு சின்னன்."

முதலாண்டு நினைவுக்கு, ஆட்டைத் திவசத்துக்கு, இரண்டு மாதம் இருந்தது. அதற்காவது நல்ல படம் ஒன்று வேண்டும் என்று மகள் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஆசிரியை, என்னோடுதான் இருக்கிறாள். அந்த ஆறாவது படத்தைக் கைபேசியில் பெருப்பித்துப் பார்த்திருக்கிறோம். கைபேசி ஓர் அளவுக்கு மேல் விடாது. அதனால் அதில் அவ்வளவுதான் இருக்கிறது என்று நினைத்திருந்தோம். ஆறாயிரம் பிக்சல் அகலத்தில் இருக்கிறது என்றால் அந்த முகம் அங்கே இருக்கிறது. எங்களுக்கு எடுக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

மகளிடம் சொன்னேன். உடனே அந்த ஆளுக்குத் தொலைபேசி எடுத்துக் கேளுங்கள் என்றாள். விளக்கு வைக்கிற நேரம். முன்பின் தெரியாத ஒருவரை, அவர் வேலை கேட்டு எழுதியிருக்கும்போது, நாம் ஓர் உதவி கேட்பதற்காக அந்த நேரத்தில் அழைப்பது எனக்கு முறையாகப் படவில்லை. காலையில் எடுக்கிறேன் என்றேன். அன்றைய நாட்குறிப்பில் அந்த வாக்கியத்தை அப்படியே எழுதி, கீழே கோடிட்டேன்.

காலையில் எழும்பியபோது மைத்துனனிடமிருந்து குரல் செய்தி வந்திருந்தது. குரலில் களைப்பும் கொஞ்சம் கோபமும்.

"அத்தான், உந்த ஆக்கள நம்பாதீங்க. சைட் பாரம் எண்டு சொல்லிக் காசடிக்கிறதுதான் இவங்கட வேல. எண்டாலும் நான் எல்லாம் சரியாக்கிட்டன். இனி ஒருத்தனும் ஒண்டும் சொல்ல ஏலா. நான் அனுப்பின மாதிரி போன்ல பழசத் துடைச்சிட்டுத் திறந்து பாருங்க. அப்பதான் புதுசு தெரியும்."

கீழே எந்த இடத்தை அழுத்த வேண்டும் என்று வட்டம் போட்ட நான்கு படங்கள் இருந்தன. கைபேசி ஒருமுறை இறக்கிய படங்களைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும், அதனால் பழையதே தெரியும், அதைத் துடைத்தால்தான் தளத்திலிருந்து புதிதாக எடுக்கும் என்று விளக்கமும் எழுதியிருந்தான். அவன் சொன்னபடியே ஒவ்வொன்றாகச் செய்தேன். என் கைபேசியில் முடித்து, மகளின் கைபேசியை வாங்கி அதிலும் செய்தேன். விருந்தினர் பதிவுக்கு வைத்திருக்கும் டப்லெட்டிலும் செய்தேன். தளம் எங்கள் வீட்டில் திறக்கப்படுவது அந்த மூன்றில்தான்.

தளம் கண் இமைப்பதற்குள் திறந்தது. ஒன்பது படங்களும் இருந்தன. ஆறாவதும் இருந்தது. பார்வைக்கு எந்த வேறுபாடும் இல்லை. அவனுக்கு "நன்றாக இருக்கிறது தம்பி" என்று எழுதிவிட்டு, குருக்கள்மடத்து இலக்கத்தை அழைத்தேன்.

ஒரு குழந்தை அழும் சத்தத்துக்கு இடையில் எடுத்தார். நான் யார் என்று சொன்னதும் குழந்தையை யாரிடமோ கொடுத்துவிட்டு வெளியே வந்தார் போலிருக்கிறது, சத்தம் குறைந்தது. நான் தள வேலையைப் பற்றிப் பேசவில்லை. மனைவியைப் பற்றியும் ஆறாவது படத்தைப் பற்றியும் சொன்னேன். அதை முழு அளவில் எடுத்துத்தர முடியுமா என்று கேட்டேன்.

"அது பெரிய வேலையில்ல அண்ணன். லைன்ல நில்லுங்க, இப்பவே எடுத்து அனுப்பிறன்" என்றார்.

விசைகள் அழுத்தப்படும் சத்தம் கேட்டது. பிறகு அது நின்றது.

"அண்ணன், ராத்திரி ஆரும் இதில கை வெச்சயளா?"

மைத்துனன் சரிசெய்ததைச் சொன்னேன். என்ன செய்தார் என்று கேட்டார். தெரியாது என்றேன். அவர் மெதுவாக, எனக்கு விளங்கும்படி சொன்னார். படங்களை ஒரேயடியாகச் சிறிதாக்கும் கருவி ஒன்றைத் தளத்தில் பொருத்தி ஓடவிட்டிருக்கிறார்கள். ஆறாயிரம் அகலம் இருந்தவை எல்லாம் இப்போது ஆயிரத்து இருநூறு. பழைய கோப்பின் இடத்திலேயே, அதே பெயரில், புதியது எழுதப்பட்டிருக்கிறது. அந்தக் கருவியில் மூலப் படங்களைத் தனியாக வைத்துக்கொள்ள ஒரு தெரிவு உண்டு. அதை நிறுத்தாமல் விட்டிருந்தால் மீட்கலாம். கடவுச்சொல் உள்ளவர்தான் அதைப் பார்க்க வேண்டும்.

"உங்கட போன்ல பழைய படம் இன்னும் கிடக்கும் அண்ணன். தளத்தத் திறக்காதீங்க. அப்பிடியே வெச்சிருங்க, நான் வாறன், எடுத்திரலாம்."

நான் துடைத்துவிட்டதைச் சொன்னேன். வேறு கைபேசி இருக்கிறதா என்று கேட்டார். மூன்றையும் துடைத்ததைச் சொன்னேன். உங்களிடம் இருக்காதா, நீங்கள் திறந்து அளந்தீர்களே என்று நான் கேட்டேன். சரியாக அளக்க வேண்டுமானால், முதன்முறை வருகிற ஒருவருக்கு எப்படித் திறக்குமோ அப்படித் திறக்க வேண்டும், அதற்காக எதையும் சேமிக்காத சாளரத்தில்தான் ஒவ்வொரு முறையும் திறந்தேன், மூடியதும் எல்லாம் போய்விடும் என்றார். அளந்ததற்குச் சான்றாக ஒரு படம் பிடித்து வைத்திருக்கிறார். அதில் எங்கள் முதற்பக்கம் உள்ளங்கை அளவு. படம் வரவேண்டிய இடம் வெறும் சாம்பல் கட்டமாக இருந்தது.

மைத்துனனை அழைத்தேன். வேலையில் இருந்தான், அவனுடைய இடைவேளை வரை எடுக்கவில்லை. எடுத்தபோது நான் கேட்டது அவனுக்கு விளங்கவில்லை.

"அக்காட படம் அப்பிடியேதானே கிடக்குது அத்தான். நான் ஒண்டும் அழிக்கல்ல. திறந்து பாருங்க."

இருக்கிறது, ஆனால் பெருப்பித்தால் முகம் வராது என்றேன். முன்னரும் வரவில்லையே என்றான். அதுவும் சரிதான். மூலப் படங்களை வைத்துக்கொள்ளும் தெரிவு பற்றிக் கேட்டேன். அதை அப்படியே விட்டால் இன்னும் இடம் பிடிக்கும், தளத்துக்கு வாங்கியிருக்கும் இடம் போதாது என்று அதை நிறுத்திவிட்டிருந்தான். கவனமாகத்தான் செய்திருக்கிறான். தளத்தை வைத்திருக்கும் நிறுவனத்திடம் நேற்றைய நகல் இருக்கும், இன்றே கேள் என்று குருக்கள்மடத்துக்காரர் சொல்லச் சொன்னதைச் சொன்னேன். அந்தப் பெயரைக் கேட்டதும் அவன் குரல் மாறியது. யாரோ ஒரு ஆள் சொல்லி என்னைக் கேள்வி கேட்கிறீர்களா என்றான். பிறகு, சரி, வேலை முடிந்து எழுதுகிறேன் என்றான்.

எழுதினான். அதை நான் குறைசொல்லமாட்டேன். ஆனால் அது மலிவான திட்டம். நிறுவனம் ஒரேயொரு நகலைத்தான் வைத்திருக்கும், ஒவ்வொரு இரவும் அதன்மேலேயே புதியதை எழுதும். அவர்கள் பதில் எழுதியபோது அவர்களிடம் இருந்ததும் சிறிய படம்தான்.

அந்தச் சனிக்கிழமை குருக்கள்மடத்துக்காரர் பேருந்தில் வந்தார். நான் அழைக்கவில்லை. முப்பத்தைந்து வயது இருக்கும், தோளில் லப்டொப் பை. இணையத்தில் பழைய பக்கங்களைச் சேமித்துவைக்கும் ஓர் இடத்தில் எங்கள் முதற்பக்கம் இருப்பதாகவும், ஆனால் எழுத்துகளும் இரண்டு படங்களும்தான் இருக்கின்றன, ஆறாவது இல்லை என்றும் சொன்னார். அதைத் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். நேரில் சொல்ல வந்திருக்கிறார் என்று விளங்கியது. எங்கள் மூன்று கருவிகளையும் வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தார். நான் துடைத்தது சுத்தமாகத்தான் இருந்தது.

பிறகு தன் லப்டொப்பில் ஆறாவது படத்தைத் திறந்து வலது ஓரத்தைப் பெருப்பித்தார். முகம் முன்னர் நானூறு பிக்சல் அகலம் இருந்திருக்கும், இப்போது எண்பது என்றார். திரையில் மண்ணிறச் சதுரங்கள். நடுவில் வெளிறிய நாலைந்து சதுரங்கள் அவளுடைய பற்களாக இருக்க வேண்டும். மகள் எழும்பிக் குசினிக்குள் போய்விட்டாள்.

"நான் எழுதாம விட்டிருக்கலாம் அண்ணன்" என்றார்.

நீங்கள் எழுதாவிட்டால் அது அங்கே இருந்ததே எனக்குத் தெரிந்திருக்காது என்றேன். ஆறுதலாகத்தான் சொல்ல நினைத்தேன். சொன்னபின் அது ஆறுதல் இல்லை என்று தெரிந்தது. அவர் தேநீர் குடித்தார். வழிச்செலவைக் கொடுத்தேன், வாங்கவில்லை. அவருக்குக் கொடுக்க என்னிடம் வேலையும் இல்லை. தளம் விரைவாகத்தான் திறக்கிறது. நீங்கள் எழுதியவர்களில் வேறு யாராவது பதில் போட்டார்களா என்று வாசல் படலையடியில் கேட்டேன். இல்லை, நீங்கள் ஒருவர்தான் என்றார்.

மைத்துனன் அதோடு விடவில்லை. தன்னால் ஒன்று போய்விட்டது என்பது அவனுக்கு மெல்ல விளங்கியிருக்க வேண்டும். அதை அவன் வாயால் சொல்லவில்லை. இரண்டு வாரம் கழித்து ஒரு படம் அனுப்பினான். மங்கலான முகங்களைத் தெளிவாக்கித் தரும் செயற்கை நுண்ணறிவு ஒன்றில் அந்த எண்பது பிக்சலைக் கொடுத்து எடுத்தது. கூர்மையான படம். ஒவ்வொரு முடியும் தெரிந்தது. மனைவியின் சேலை, மனைவியின் வளையல், கையில் அதே மீன். சிரித்துக்கொண்டிருந்தவள் வேறொருத்தி. நல்ல லட்சணமான பெண். அவளுடைய முன்பற்கள் வரிசையாக இருந்தன. என் மனைவிக்கு ஒன்று சற்றே முன்னால் ஏறி நிற்கும். அந்தப் பெண்ணின் கண்ணருகே சுருக்கம் இல்லை.

மகள் அதை நெடுநேரம் பார்த்தாள். "அம்மா மாதிரித்தானே அப்பா" என்றாள். அவள் என்னிடம் கேட்டாளா, சொன்னாளா என்று எனக்குத் தெரியவில்லை. நான் பல்லைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டேன். அவளுக்கு அடையாள அட்டைப் படத்தை இன்னொரு முறை போட மனம் இல்லை. மாமா அவ்வளவு பாடுபட்டுச் செய்திருக்கிறார் என்றாள். நகரில் கொடுத்துப் பெரிதாக அச்சிட்டு, சட்டம் போட்டு வந்தாள்.

திவசத்தன்று அந்தப் படம் நடு அறையில் மாலையோடு இருந்தது. வந்தவர்கள் ஒவ்வொருவராக அதன்முன் நின்றார்கள். மனைவியோடு முப்பது வருடம் பழகிய பக்கத்து வீட்டுக்காரி கைகூப்பி நின்று, "பேசப் போற மாதிரி இரிக்கா" என்று அழுதாள். எல்லோரும் அப்படியே சொன்னார்கள். அவள் அப்படி இல்லை என்று சொல்ல அந்த வீட்டில் நான் ஒருவன்தான் இருந்தேன். எனக்குத் தெரிந்ததைக் காட்ட என் கையிலும் ஒன்றும் இல்லை. சோறு பரிமாறப் போனேன்.

மத்தியானம் மைத்துனன் காணொளியில் வந்தான். மகள் கைபேசியைப் படத்துக்கு நேரே பிடித்துக் காட்டினாள். அவன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். வேலை உடுப்பில் இருந்தான். பின்னால் பெட்டிகள் அடுக்கியிருந்தன. பிறகு என்னைக் கேட்டான்.

"வடிவா வந்திருக்குதா அத்தான்?"

"ஓம் தம்பி. வடிவா இருக்கு" என்றேன்.

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். இப்போதெல்லாம் அவளை நினைக்கும்போது சில நேரம் அந்த வரிசையான பற்கள்தான் முதலில் வருகின்றன. அவற்றை விலக்கிவிட்டு மற்றதைத் தேட வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடுதலாக நேரம் எடுக்கிறது.